மூன்று சார்ட்டுகள், ஒரே திசை

ஒரு பங்கின் வார சார்ட்டில் விலை ஏறுமுகமாக இருக்கும்போதே அதன் தின சார்ட் இறங்குமுகமாகவும், மணி சார்ட் மறுபடி ஏறுமுகமாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே விலைகளிலிருந்து வரையப்பட்டவை, மூன்றும் சரியானவையே. ஒவ்வொன்றும் வேறு வேறு நீளமுள்ள காலத்தைக் காட்டுவதால்தான் முரண்பாடு போலத் தெரிகிறது. சில நாள்கள் அல்லது சில வாரங்கள் மட்டும் பங்கை வைத்திருந்து விற்க நினைக்கும் டிரேடருக்கு இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிவது அடிப்படைத் தேவை. வாங்குவதா என்பதை வார சார்ட் சொல்ல வேண்டும். எந்த விலைப்பகுதியில் என்பதைத் தின சார்ட் சொல்ல வேண்டும். எப்போது, எவ்வளவு ஸ்டாப்லாஸோடு என்பதை மணி சார்ட் சொல்ல வேண்டும். இந்த அதிகாரம் மேலிருந்து கீழாக மட்டுமே செல்லும். மணி சார்ட்டில் தெரியும் ஓர் அழகான ஏற்றத்துக்கு வார சார்ட்டின் தீர்ப்பை மாற்றும் உரிமை கிடையாது.

இந்த எண்ணம் பழையது. அமெரிக்காவில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் டவ், 1902-ல் தாம் இறக்கும்வரை எழுதிய தலையங்கங்களில், சந்தையில் ஒரே நேரத்தில் மூன்று அசைவுகள் நடப்பதாகச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் நீளும் பெரிய போக்கு, அதற்கு எதிராக வாரக்கணக்கில் நடக்கும் இடைக்காலத் திருத்தம், நாள்தோறும் நடக்கும் சிறு ஏற்ற இறக்கம் ஆகியவை அந்த மூன்று. கடலின் ஓதம், அலை, சிற்றலை என்று இவற்றை ஒப்பிடுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். அவருக்குப் பிறகு ராபர்ட் ரீ 1932-ல் வெளியிட்ட நூலில் இதை ஒழுங்குபடுத்தி, இடைக்காலத் திருத்தம் பொதுவாக மூன்று வாரம் முதல் சில மாதங்கள்வரை நீடிக்கும் என்றும், அதற்கு முந்தைய நகர்வில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றும் குறித்தார். 1986-ல் அலெக்சாண்டர் எல்டர் என்ற மனநல மருத்துவர் இதையே ‘மூன்று திரை’ என்ற டிரேடிங் முறையாக்கினார். முதல் திரை வார சார்ட். இரண்டாவது தின சார்ட். மூன்றாவது, வாங்கும் ஆர்டரை எப்படிப் போடுவது என்ற உத்தி. அவருடைய முதல் வடிவத்தில் மூன்றாவது திரைக்குத் தனிச் சார்ட்கூட இல்லை. முந்தைய நாளின் உச்ச விலைக்கு ஒரு புள்ளி மேலே வாங்கும் ஆர்டரை வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அது. இன்று மணி சார்ட் செய்யும் வேலையை அன்று அந்த ஆர்டர் செய்தது.

ஐந்து மடங்கு இடைவெளி

எந்த மூன்று காலஅளவுகளைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எல்டர் சொன்ன அளவுகோல் எளிமையானது: ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஐந்து மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து வர்த்தக நாள்கள் என்பதால் வார சார்ட்டும் தின சார்ட்டும் தாமாகவே பொருந்துகின்றன. இடைவெளி குறைந்தால், எடுத்துக்காட்டாக ஒரு மணி சார்ட்டையும் அரை மணி சார்ட்டையும் வைத்தால், இரண்டும் ஒரே படத்தைத்தான் காட்டும். மிக அதிகமானால், வார சார்ட்டில் பார்த்த செய்திக்கும் ஐந்து நிமிட சார்ட்டில் நடப்பதற்கும் தொடர்பே இருக்காது.

இந்தியச் சந்தையில் மணி சார்ட்டுக்கு ஒரு சிறு குறை உண்டு. தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் காலை 9.15-க்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடிகிறது, மொத்தம் 375 நிமிடங்கள். ஒரு மணிக்கு ஒரு கேண்டில் என்று வெட்டினால் ஆறு முழு கேண்டில்களும், கடைசியில் 3.15 முதல் 3.30 வரை பதினைந்தே நிமிடம் கொண்ட ஒரு குட்டி கேண்டிலும் வரும். அந்தக் குட்டியும் மற்றவற்றுக்குச் சமமாக மூவிங் ஆவரேஜ் கணக்கில் சேர்ந்துவிடும். அதன் வால்யூமை மற்ற மணிகளின் வால்யூமோடு ஒப்பிடவும் முடியாது. இதனால்தான் இந்திய டிரேடர்களில் பலர் மணி சார்ட்டுக்குப் பதில் 75 நிமிட சார்ட்டை வைத்துக்கொள்கிறார்கள். 375-ஐ 75 சரியாக ஐந்தாக வகுக்கிறது. எல்டரின் ஐந்து மடங்கு அளவும் கச்சிதமாக அமைந்துவிடுகிறது. மணி சார்ட்டையே பயன்படுத்துகிறவர், கடைசிக் கேண்டிலை வைத்து மட்டும் எந்த முடிவும் எடுக்காமல் இருந்தால் போதும். இனி இந்தக் கட்டுரையில் மணி சார்ட் என்று வரும் இடங்களிலெல்லாம் 75 நிமிட சார்ட்டையும் சேர்த்தே கொள்ளலாம்.

வார சார்ட்டிடம் கேட்க வேண்டியது

வார சார்ட்டில் நுணுக்கம் தேடக் கூடாது. அதனிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: போக்கு மேலேயா, கீழேயா, இரண்டும் இல்லையா? இதற்கு இரண்டு ஆண்டு விலையைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு இறக்கமும் முந்தைய இறக்கத்தின் அடிவிலைக்கு மேலேயே நின்று, ஒவ்வொரு ஏற்றமும் முந்தைய உச்சத்தைத் தாண்டினால் அது ஏறுமுகம். கூடவே 20 வார மூவிங் ஆவரேஜ் மேல்நோக்கிச் சாய்ந்திருந்து, விலை அதற்கு மேலே இருந்தால் ஐயம் குறையும். ஆவரேஜ் கிடைமட்டமாகப் படுத்திருந்து, விலை அதை மேலும் கீழுமாக வெட்டிக்கொண்டே இருந்தால் அங்கே போக்கு எதுவும் இல்லை. இந்த முறைக்கு அந்தப் பங்கு பொருந்தாது. பெரும்பாலான பங்குகள் ஆண்டின் பெரும்பகுதியை இப்படித்தான் கழிக்கின்றன என்பதால், ‘இல்லை’ என்ற பதில்தான் வார சார்ட் அடிக்கடி தரும் பதில். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது.

போக்கு கீழே என்றால் என்ன செய்வது? இந்தியாவில் ரொக்கச் சந்தையில் சாதாரண முதலீட்டாளர் கையில் இல்லாத பங்கை விற்றால் அதை அன்றே திரும்ப வாங்கியாக வேண்டும். நாள்கணக்கில் அந்த நிலையைத் தொடர முடியாது. எனவே டெலிவரி எடுத்து டிரேட் செய்பவருக்கு வாரப் போக்கு கீழே என்பதன் பொருள், அந்தப் பங்கை விட்டு ஒதுங்கு என்பதுதான். பியூச்சர்ஸில் விற்க வழி உண்டு. ஆனால் அங்கே கடன்பலமும் இழப்பின் அளவும் வேறு கதை.

பெரிய போக்கோடு சேர்ந்து போவதில் பயன் உண்டா என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பங்குகளில் முந்தைய மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களில் நன்றாக ஏறியவை அடுத்த சில மாதங்களிலும் மற்றவற்றைவிட நன்றாகவே செயல்பட்டதைக் காட்டியது. அதற்கு முன், 1990-ல் ஜெகதீஷும் புரூஸ் லீமனும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான ஒன்று தெரிந்தது. ஒரு வாரம் முதல் ஒரு மாதம்வரையிலான குறுகிய காலத்தில், ஏறியவை சற்று இறங்கவும் இறங்கியவை சற்று ஏறவும் முனைந்தன. மாதக்கணக்கில் தொடர்ச்சி, வாரக்கணக்கில் திரும்பல். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே போகும் பெரிய போக்கில் வரும் சிறு இறக்கத்தில் வாங்குவது ஏன் அர்த்தமுள்ள யோசனை என்பது புரியும். இந்த ஆய்வுகள் நூற்றுக்கணக்கான பங்குகளின் சராசரியைப் பற்றியவை. தனியொரு பங்கின் சார்ட் நாளை என்ன செய்யும் என்பதற்கு அவை உத்தரவாதம் தரவில்லை.

மூன்றும் பச்சையாக இருக்கும் நாள்

இந்த முறையைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான புரிதல், மூன்று சார்ட்டுகளும் ஒரே நேரத்தில் ஏறுமுகமாக இருந்தால் வாங்க வேண்டும் என்பது. வாரம் பச்சை, நாள் பச்சை, மணி பச்சை என்று கட்டம் போட்டுக் காட்டும் திரைகள் இந்த எண்ணத்தை வளர்த்துவிட்டன. ஆனால் மூன்றும் பளிச்சென்று மேலே காட்டும் நாள், பெரும்பாலும் விலை ஏற்கெனவே பல நாள் ஏறி முடித்த நாள். அன்று வாங்குகிறவர் உச்சத்துக்குப் பக்கத்தில் வாங்குகிறார். அவருடைய கணிப்பு தவறு என்று நிரூபிக்கும் அடிவிலையோ வெகு கீழே இருக்கிறது. திசை சரியாகவே இருக்கலாம். இடம்தான் தவறு.

தேட வேண்டிய பொருத்தம் வேறு. வார சார்ட் மேலே போகிறது. தின சார்ட்டில் சில நாள்களாக இறக்கம் நடக்கிறது. அந்த இறக்கத்தை உண்டாக்கிய சிற்றலைகள்தாம் மணி சார்ட்டில் படிப்படியான இறங்குமுகமாகத் தெரிகின்றன. ஒவ்வொரு சிறு உச்சமும் முந்தையதைவிடத் தாழ்வாக இருக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் மணி சார்ட்டின் அந்த வரிசை முறிந்து, விலை கடைசிச் சிறு உச்சத்தைத் தாண்டுகிறது. அந்தக் கணத்தில் மணி சார்ட் வார சார்ட்டோடு மறுபடி ஒத்துப்போகத் தொடங்கியிருக்கிறது. தின சார்ட் மட்டும் இன்னும் சோர்வாகவே தெரியும். வாங்க வேண்டிய இடம் அது. தின சார்ட்டும் அழகாக மாறட்டும் என்று காத்திருப்பவர் அதற்குள் பாதி நகர்வைக் கொடுத்துவிடுவார்.

ஆகவே தின சார்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது ஏறுகிறதா’ என்பதல்ல. ‘இந்த இறக்கம் ஓய்வா, திருப்பமா’ என்பது. சில அடையாளங்கள் உதவும. ஓய்வுக்கான இறக்கம் மெதுவாக நடக்கும்; நாள் கேண்டில்கள் சிறுத்துக்கொண்டே வரும்; ஏறியபோது இருந்த வால்யூமைவிட இறங்கும்போது வால்யூம் குறைவாக இருக்கும். ஏறியதில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை விட்டுக்கொடுத்து, முன்பு ரெசிஸ்டன்ஸாக இருந்து உடைபட்ட ஒரு விலைப்பகுதியில் வந்து நிற்கும். திருப்பமோ வேகமாக வரும். பெரிய சிவப்புக் கேண்டில்கள், அதிக வால்யூம், மேலே ஏற முயலும் ஒவ்வொரு நாளும் மாலைக்குள் தோற்றுப்போவது ஆகியவை அதன் முகம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விட்டுக்கொடுத்துவிட்ட விலையை ஓய்வு என்று அழைப்பது ஆசையே தவிர வாசிப்பு அல்ல.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். வார சார்ட்டில் அதன் கடைசி முக்கிய அடிவிலை 448 ரூபாய். அங்கிருந்து 560 வரை ஏறியிருக்கிறது. 20 வார ஆவரேஜ் 480-ல் மேல்நோக்கிச் செல்கிறது. 560-ல் இருந்து ஒன்பது நாள்களாக விலை மெல்ல இறங்கி 504-ஐத் தொட்டிருக்கிறது. ஏறிய 112 ரூபாயில் 56 ரூபாய், அதாவது சரிபாதி, திரும்பிவிட்டது. இரண்டு மாதம் முன்பு விலை பலமுறை முட்டித் திரும்பி, பின்னர் உடைத்துச் சென்ற ரெசிஸ்டன்ஸும் 508-ஐ ஒட்டியே இருந்தது. இறக்கத்தில் வால்யூம் வற்றியிருக்கிறது. இடம் சரி. இன்னும் வாங்கவில்லை.

மணி சார்ட்டில் இறக்கத்தின் கடைசி இரண்டு சிறு உச்சங்கள் 522, 516. அடி 504. அங்கிருந்து 513 வரை ஏறிய விலை மறுபடி இறங்குகிறது; ஆனால் இந்த முறை 507-லேயே நின்றுவிடுகிறது. முந்தைய அடியைவிட உயர்ந்த அடி. இது முதல் அறிகுறி மட்டும். அடுத்த நாள் முற்பகலில் ஒரு கேண்டில் 516-க்கு மேலே, 517.50-ல் முடிகிறது. நடுவே தாண்டியது போதாது, முடிய வேண்டும். அடுத்த கேண்டிலில் 518-க்கு வாங்கலாம்.

ஸ்டாப்லாஸ் எங்கே? இந்தக் கணிப்பு சரியென்றால் 504 உடையக் கூடாது. அதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு 501. ஒரு பங்குக்கு 17 ரூபாய் அபாயம். முதல் இலக்கு பழைய உச்சமான 560. கிடைக்கக்கூடியது 42 ரூபாய். அபாயத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மொத்தப் பணம் ஐந்து லட்சம், ஒரு டிரேடில் இழக்கச் சம்மதிக்கும் அளவு அதில் ஒரு சதவிகிதமான 5,000 ரூபாய் என்றால், 5,000-ஐ 17-ஆல் வகுத்து 294 பங்குகள் வாங்கலாம். அதற்கு ஆகும் முதல் சுமார் 1,52,000 ரூபாய்.

இதே டிரேடை வார சார்ட்டை மட்டும் வைத்து எடுத்திருந்தால், போக்கு பொய்த்தது என்று சொல்லும் விலை 448-க்குக் கீழே, ஏறத்தாழ 446. ஒரு பங்குக்கு 72 ரூபாய் அபாயம். அதே 5,000 ரூபாய்க்கு 69 பங்குகள்தாம் வாங்க முடியும். 560-க்குப் போனால் கிடைக்கும் 42 ரூபாய், ஏற்கும் அபாயத்தைவிடக் குறைவு. இங்கேதான் மணி சார்ட்டின் உண்மையான பயன் தெரிகிறது. அது எதிர்காலத்தைக் கூடுதலாகச் சொல்லிவிடுவதில்லை. கணிப்பு தவறு என்பதை மிக அருகில் இருக்கும் விலையிலேயே தெரிந்துகொள்ள வழி செய்கிறது.

இதற்கு விலையும் உண்டு. அருகில் இருக்கும் ஸ்டாப்லாஸ் அடிக்கடி அடிபடும். பங்கு 500-ஐத் தொட்டுவிட்டு 560-க்கே போகலாம். டிரேடர் 501-ல் வெளியேறியிருப்பார். அப்படி நடந்தால் மணி சார்ட் மறுபடி அதே வகையில் திரும்பும்போது மறுபடி வாங்குவதில் தவறில்லை. ஆனால் தின சார்ட்டின் அதே விலைப்பகுதியில் இரண்டு முறை தோற்றபின் மூன்றாவது முயற்சிக்குப் போகாமல் இருப்பது நல்லது. அதற்குள் ‘ஓய்வு’ என்ற வாசிப்பே பிழையாகியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, இரவில் வரும் கெட்ட செய்தி. மறுநாள் பங்கு 490-ல் திறந்தால் 501-ல் வைத்த ஸ்டாப்லாஸ் 490-ஐ ஒட்டித்தான் நிறைவேறும். இழப்பு ஒரு பங்குக்கு 28 ரூபாய், மொத்தம் 8,200 ரூபாய்க்கு மேல். ஒரு சதவிகிதம் என்ற கணக்கு, சந்தை திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். காலாண்டு முடிவு வெளியாகும் நாளுக்கு முன்னால் இந்த முறையில் புதிதாக வாங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

வாங்கிய பிறகு எந்தச் சார்ட்?

வாங்கியதும் மணி சார்ட்டின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர், 526-ல் வரும் முதல் சிவப்புக் கேண்டிலைக் கண்டு எட்டு ரூபாய் லாபத்தோடு வெளியேறிவிடுவார். நுழைந்தது தின சார்ட்டின் ஓய்வு முடிந்தது என்ற கணிப்பில். ஆகவே வெளியேறுவதும் தின சார்ட்டின் பேச்சைக் கேட்டே நடக்க வேண்டும். விலை ஏற ஏற, தின சார்ட்டில் புதிதாக உருவாகும் அடிவிலைகளுக்குக் கீழே ஸ்டாப்லாஸை உயர்த்திக்கொண்டே போவது பலரும் கையாளும் வழி.

எதிர்த்திசையில் நடக்கும் பிழைதான் பெரிய சேதத்தைச் செய்கிறது. 501 உடைகிறது. டிரேடர் விற்கவில்லை. ‘தின சார்ட்டில் 490-ல் சப்போர்ட் இருக்கிறதே’ என்கிறார். அதுவும் உடைந்தால் ‘வார சார்ட் இன்னும் ஏறுமுகம்தானே’ என்கிறார். 17 ரூபாய் அபாயத்துக்காக 294 பங்குகள் வாங்கியவர், இப்போது அதே 294 பங்குகளோடு 72 ரூபாய் அபாயத்தில் நிற்கிறார். ஒரு சதவிகிதம் நான்கு சதவிகிதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்டாப்லாஸ் எந்தச் சார்ட்டில் குறிக்கப்பட்டதோ அந்தச் சார்ட்தான் அதை முடிவு செய்ய வேண்டும் என்ற விதியை வாங்குவதற்கு முன்பே எழுதி வைப்பது இதனால்தான். இப்படி நடக்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பது எளிது: டிரேட் குறிப்பேட்டில் சராசரி இழப்பு, திட்டமிட்ட இழப்பைவிடப் பெரிதாக இருந்தால், சார்ட் மாற்றிப் பார்க்கும் பழக்கம் நுழைந்துவிட்டது.

இன்ட்ராடே டிரேடிங்கோடு இந்த முறையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மணி சார்ட் இருப்பதால் சிலர் இதைக் காலையில் வாங்கி மாலையில் விற்பதற்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். வார சார்ட்டின் போக்கு பயன்தர வாரங்கள் ஆகும்; ஆறு மணி நேரத்தில் அது எதையும் கொடுக்காது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022–23 நிதியாண்டில் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டம் அடைந்தார்கள்.

முடியாத வாரம்

செவ்வாய்க்கிழமை பார்க்கும் வார சார்ட்டில் கடைசிக் கேண்டில் முடிந்த கேண்டில் அல்ல. இரண்டு நாள் கதை மட்டும். அன்று அது பெரிய பச்சையாக இருந்து, வெள்ளி மாலை சிவப்பாக முடியலாம். 20 வார ஆவரேஜும் மற்ற இண்டிகேட்டர்களும் அந்தப் பாதி கேண்டிலையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகின்றன. வெள்ளிவரை அவை மாறிக்கொண்டே இருக்கும். இதற்குத் தீர்வு, வாரத் தீர்ப்பை வார இறுதியில் மட்டும் எழுதுவது. சென்ற வெள்ளியோடு முடிந்த கேண்டில்வரை பார்த்து, அடுத்த ஐந்து நாள்களுக்கு அந்தத் தீர்ப்பே செல்லும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தின சார்ட்டுக்கும் இதே ஒழுங்கு: முந்தைய மாலையில் முடிந்த கேண்டில்வரை மட்டும்.

பழைய விலைகளை வைத்து இந்த முறையைச் சோதித்துப் பார்ப்பவர்களை இது பெரிதாக ஏமாற்றுகிறது. பழைய சார்ட்டில் எல்லா வாரங்களும் முடிந்தவை. ஒரு புதன்கிழமை வாங்கியதாகக் கணக்கு எழுதும்போது, அந்த வாரம் வெள்ளியன்று எப்படி முடிந்தது என்ற விவரம் அறியாமலே கணக்குக்குள் கலந்துவிடும். அன்று நேரில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்காது. சோதனையில் கொழிக்கும் ஒரு முறை நிஜப் பணத்தில் தடுமாறினால், முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது.

மூன்று சார்ட்டுகளும் ஒத்துப்போவதை மூன்று சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்ததாக எண்ணுவதும் பிழை. 20 வார ஆவரேஜ் என்பது ஏறக்குறைய 100 நாள் ஆவரேஜ்தான். 75 நிமிட சார்ட்டில் 500 கேண்டில்களின் ஆவரேஜும் அதுவே. வார சார்ட்டில் இருப்பதெல்லாம் தின சார்ட்டை இடப்பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தாலும் கிடைக்கும். சார்ட்டைப் பிரித்து வைப்பது கண்ணுக்கும் மனதுக்கும் ஒழுங்கு கொடுக்கிறது. புதிய தகவல் எதையும் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றிலும் நான்கு இண்டிகேட்டர்களைப் போட்டுப் பன்னிரண்டும் ஒரே திசையில் நிற்கும்வரை காத்திருப்பவர், ஒரே விலையைப் பன்னிரண்டு முறை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2023-ல் நிஃப்டி

முறை எங்கே தவறும் என்பதற்கு நிஃப்டியின் 2023-ஆம் ஆண்டு வார சார்ட் நல்ல பாடம். மார்ச் 20 அன்று 16,828-ல் அடியைத் தொட்ட குறியீடு, ஜூலையில் 20,000-ஐ நெருங்கியது. ஆகஸ்ட் முழுவதும் ஓய்வெடுத்து, மாத இறுதியில் 19,250-க்குச் சற்றுக் கீழே அடி போட்டது. செப்டம்பர் 15 அன்று 20,222 என்ற புதிய உச்சம். உயர்ந்த உச்சம், உயர்ந்த அடி. வார சார்ட்டின் தீர்ப்பில் ஐயமே இல்லை.

பிறகு இறக்கம் தொடங்கியது. அக்டோபரில் தின சார்ட்டில் விலை ஆகஸ்ட் அடியை நோக்கி வந்தபோது, இந்த முறையில் இருப்பவர்கள் மணி சார்ட்டில் திருப்பத்தைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். ஆனால் அக்டோபர் 26 அன்று குறியீடு 18,837 வரை விழுந்தது. அந்த வாரம் 19,047-ல் முடிந்தது. ஆகஸ்டின் அடி, வார முடிவிலேயே உடைந்துவிட்டது. விதியின்படி வாரப் போக்கு இப்போது ஏறுமுகம் அல்ல. ஒதுங்கி நிற்க வேண்டும்.

அந்த அக்டோபர் 26-தான் இறக்கத்தின் அடி. அடுத்த வாரங்களில் மணி சார்ட் பலமுறை மேலே திரும்பியது. விதியைப் பின்பற்றியவருக்கு அவை எதையும் எடுக்க அனுமதி இல்லை. டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை, நிஃப்டி 20,267-ல் முடிந்து செப்டம்பர் உச்சத்தைத் தாண்டியபோதுதான் வார சார்ட்டின் தீர்ப்பு மறுபடி மேலே என்று மாறியது. அதற்குள் அடியிலிருந்து 1,400 புள்ளிகளுக்கு மேல், ஏழரை சதவிகிதம், போய்விட்டது. அந்த வார இறுதியில் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வந்தன; திங்களன்று சந்தை பெரிய இடைவெளியோடு மேலே திறந்தது; மாத இறுதியில் 21,800-ஐத் தொட்டது. இடையில் தின சார்ட்டில் சொல்லும்படியான இறக்கம் வந்தது டிசம்பர் 20 அன்று ஒருநாள்தான். அதுவும் அடுத்த சில நாள்களில் சரியாகிவிட்டது.

அக்டோபர் இறுதியில் அடி உடைந்தபோது அது திருப்பமாக மாறாது என்று அன்றைய சார்ட்டில் சொல்வதற்கு எதுவும் இல்லை. ஆகஸ்ட் அடிக்குக் கீழே போன அதே விலை, வேறோர் ஆண்டில் இன்னும் இரண்டாயிரம் புள்ளிகள் இறங்கியிருக்கலாம். வாரத் தீர்ப்பு எப்போதும் தாமதமாகவே வரும். போக்கின் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் இந்த முறைக்குக் கிடைப்பதில்லை. நடுப்பகுதியில் ஓய்வுகள் வந்தால் அவற்றில் நுழையலாம். 2023 டிசம்பரைப் போல ஓய்வே எடுக்காமல் சந்தை ஓடினால், மூன்று சார்ட்டுகளையும் திறந்து வைத்திருப்பவர் அடுத்த இறக்கம்வரை கையில் பணத்தோடு காத்திருப்பார்.